உள்ளே இழுக்கும்போது வரும் சத்தம்

ஜெயம்மாளுக்கு இழுப்பு நோயைப் பற்றி எந்த டாக்டரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவளுடைய அப்பா அம்மாசி அதில்தான் போய்ச் சேர்ந்தார். முழங்கை இரண்டையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கி, குனிந்து உட்கார்ந்திருப்பார். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி நீளமாக ஒரு சத்தம் வரும். உள்ளே போன காற்றை வெளியே தள்ளத்தான் மனுஷன் அத்தனை பாடுபட்டார். ஆரம்பித்தால் மணிக்கணக்கில் விடாது. ஜெயம்மாளுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது ஒருநாள் விடியற்காலையில் அந்தச் சத்தம் நின்றது. அப்பாவுக்குத் தேவலையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் டீ போடப் போனாள். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கை கரும்புக் காட்டோடு போயிற்று. கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே ஒரு காலனி வீடு. கரும்பு வெட்டும் பருவத்தில் கரும்பு, மற்ற நாளில் நூறுநாள் வேலையோ களையெடுப்போ. புருஷன் பொன்னுரங்கம் டிராக்டரில் கரும்புக்கட்டு ஏற்றுகிறவன். ஜெயம்மாள் வேலையில் புலி, வாயில் பூனை. மேஸ்திரியிடமோ ரேஷன் கடையிலோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. மனசுக்குள் மட்டும் எல்லோரையும் கிழிகிழியென்று கிழிப்பாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஒரே மகள், தமிழ்மொழி. நடக்கச் சொன்னாலும் ஓடுகிற பெண். ஒன்பதாம் வகுப்பில் அதை முதலில் கவனித்தவர் அரசுப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை கண்ணகி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் இறக்கிவிட்டார். முதல் வருஷமே மாவட்டத்தில் இரண்டாவது இடம். சென்னையில் அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது, அதில் தேர்வாகிவிட்டால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் சொன்னார். கரும்புச் சோகை கிழித்த தன் கையைப் பார்த்துக்கொண்டே ஜெயம்மாள் அதைக் கேட்டாள். இந்தக் கரும்புக் கத்தி என்னோடு போகட்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பு முடியும் சமயத்தில் அந்தச் சத்தம் வந்தது. பள்ளி மைதானத்தில் கடைசிச் சுற்றில் வேகம் எடுத்தபோது பெண்ணின் கழுத்திலிருந்து கீச்சென்று ஒரு கரகரப்பு. கண் பிதுங்கி, கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் ஜெயம்மாள் மகளை அழைத்துக்கொண்டு டவுனில் ஒரு கிளினிக்குக்கு ஓடினாள்.

டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“குடும்பத்துல யாருக்காச்சும் இழுப்பு இருக்கா?”

“எங்க அப்பாருக்கு இருந்துச்சுங்க. அதுலதான் பூட்டாரு.”

அத்தோடு தீர்ந்தது. ஆஸ்துமா என்று சீட்டில் எழுதினார். காலையும் மாலையும் உறிஞ்ச ஒரு பம்பு, ஓடுவதற்கு முன்னால் உறிஞ்ச இன்னொன்று. மூச்சை ஊதிப் பார்க்கும் மெஷின் எதுவும் அங்கே இல்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள், சத்தமும் இல்லை. ஜெயம்மாள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “சார், எங்க அப்பாருக்கு வேற மாதிரி...” என்று இழுத்தாள். அவர் அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மூடிய வாயை இரண்டு வருஷம் திறக்கவில்லை.

இரண்டு வருஷமும் அந்த வீட்டில் பத்தியம் கொடிகட்டிப் பறந்தது. வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, தலைக்குப் பச்சைத்தண்ணீர் கூடாது. ஞாயிறுதோறும் தமிழ்மொழி கோமுகி அணைப் பக்கத்திலிருந்து கல்வராயன் மலை ரோட்டில் ஏறி ஓடுவாள். பின்னாலேயே பொன்னுரங்கத்தின் பழைய மொபெட் முக்கி முனகிக்கொண்டு ஏறும். கேரியரில் ஜெயம்மாள், மடியில் பம்பு, கையில் நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டை. வளைவுக்கு வளைவு, “மோந்துக்கோ பாப்பா, நல்லா மோந்துக்கோ” என்று அதை மகளின் மூக்கில் வைத்து அழுத்துவாள். கழுத்திலும் மார்பிலும் புறப்படும்போதே பளபளவென்று தைலம் தேய்த்திருப்பாள். அந்த வாடையில் மொபெட்டுக்கே மூச்சு முட்டும் என்பான் பொன்னுரங்கம். சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

சத்தம் மட்டும் குறையவில்லை. பெண் மெதுவாக ஓடினால் வராது. முழுவேகம் எடுத்தால், அதுவும் போட்டி என்றால், தவறாமல் வரும். ஒவ்வொரு தடவையும் ஜெயம்மாள் ஓடிப்போய் பம்பு அடிப்பாள். ஐந்து நிமிஷத்தில் அடங்கும். அடங்கியதும், “பம்புக்குக் கேட்டுச்சா பாப்பா?” என்பாள். “கேட்டுச்சும்மா” என்பாள் மகள். கிளினிக்கில் கேட்டாலும் அதே பதில். பம்புக்குக் கேட்கிறது, ஆனாலும் சத்தம் வருகிறது என்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம். டாக்டர் அளவைக் கூட்டினார். பிறகு மாத்திரையும் சேர்த்தார். பெண்ணின் முகம் உப்பிக்கொண்டு வந்தது. “மருந்த ஒழுங்கா அடிக்கிறீங்களா, இல்ல வெக்கப்பட்டு மறைக்கிறீங்களா?” என்று அதட்டினார். பெண்பிள்ளைக்கு பம்பு என்றால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று மறைக்கிற வீடுகளை அவர் நிறையப் பார்த்திருப்பார். வேளை தவறாமல் அடித்துக்கொண்டிருந்த ஜெயம்மாள், திருடியவள் போல் தலைகுனிந்து நின்றாள்.

ராத்திரி படுத்தால் அவளுக்கு அப்பாவின் விசில் காதில் கேட்கும். அது வெளியே விடும்போது வந்த சத்தம். மகளுடையது உள்ளே இழுக்கும்போது வருகிறது. அப்பாவுக்கு நெஞ்சில் கேட்டது, இவளுக்குத் தொண்டையில் கேட்கிறது. அப்பாவுக்கு உட்கார்ந்தபின் இன்னும் கூடும், இவளுக்கு நின்றதும் குறைகிறது. அவளுக்கு இத்தனையும் தெரிந்தது. கரும்பு வெட்டுகிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. இரண்டில் பின்னதுதான் ஜெயித்தது.

ப்ளஸ் ஒன்னில், மாவட்டத் தடகளப் போட்டியன்று எல்லாம் ஒன்றாக வந்து விடிந்தது.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். தமிழ்மொழி முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் அந்தச் சத்தம் மைதானத்தின் மறுகோடிவரை கேட்டது. பத்தடி தள்ளாடினாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே மண்டியிட்டாள். ஜெயம்மாள் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடினாள். பம்பை மகளின் வாயில் திணித்து ஒன்று, இரண்டு, நான்கு என்று அடித்தாள். தைலக் கைக்குட்டையை மூக்கில் அப்பினாள். சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. பெண்ணின் கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று துடிப்பது பனியனுக்கு மேலேயே தெரிந்தது.

“ஐயோ, எங்க அப்பா மாதிரி பூடுமே! யாராச்சும் வாங்களேன்!” என்று அலறினாள்.

அன்று மைதானத்தில் மருத்துவக் குழுவோடு வந்திருந்தவர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அன்சர். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்து உட்கார்ந்தவர் முதலில் ஜெயம்மாளின் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தார். விரலில், ரத்தத்திலுள்ள பிராணவாயுவைக் காட்டும் ஒரு கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு அதைத் தூக்கிக் கழுத்தில் வைத்தார். அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

ஜெயம்மாள் மறுபடி பம்பைத் தூக்கினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“போதும்மா. ரத்தத்துல காத்து நல்லா இருக்கு. உம் பொண்ணு சாவல, என்னை நம்பு.” பிறகு பெண்ணின் பக்கம் திரும்பினார். “பாப்பா, என்னப் பாரு. தோளத் தளர்த்து. வாயால இழுக்காத. மல்லிப்பூவ மோந்து பாக்குற மாதிரி மூக்கால சட்டுசட்டுன்னு ரெண்டு தடவ மோந்துக்கோ. ஆங். இப்ப உதட்டக் குவிச்சி மெல்ல ஊது. மறுபடி மோந்துக்கோ. ஊது.”

நாலைந்து தடவைக்குப் பிறகு சத்தம் உடைந்து உடைந்து வந்தது. அப்புறம் நின்றது. மற்ற பெண்கள் அதற்குள் ஓடி முடித்திருந்தார்கள்.

“இந்தச் சத்தம் எப்பம்மா வரும்? உள்ள இழுக்கும்போதா, வெளிய விடும்போதா?” என்று அன்சர் கேட்டார்.

இரண்டு வருஷமாக ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. ஜெயம்மாள் வெடித்துவிட்டாள்.

“உள்ள இழுக்கும்போதுதான் சார்! எங்க அப்பாருக்கு வெளிய விடும்போது வரும். அவருக்கு நெஞ்சுல கேக்கும், இவளுக்குத் தொண்டையில கேக்குது. அவருக்கு நாளெல்லாம் இருக்கும், இவளுக்கு நின்னா அஞ்சே நிமிசம். இது அது இல்லன்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சு. சொல்ல பயந்துக்கினு இருந்துட்டேன் சார்.”

“பம்பு அடிச்சா சரியாவுதா?” என்று அவர் மகளைக் கேட்டார்.

தமிழ்மொழி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “இல்ல சார். அடிச்சாலும் அஞ்சு நிமிசம், அடிக்கலன்னாலும் அஞ்சு நிமிசம். கேக்கலன்னு சொன்னா அம்மா தாத்தாவ நெனச்சி அழும். அதான் கேட்டுச்சுன்னு சொன்னேன்.”

ஜெயம்மாளுக்கு அந்த இடத்திலேயே மகளை அறையவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. ஒருத்தி பயந்து பேசாமல் இருந்தாள். இன்னொருத்தி பயந்து பொய் சொன்னாள். நடுவில் மருந்து ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

அன்சர் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். தொண்டையில் குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் உண்டு. பேசும்போது ஒட்டி அதிரும், மூச்சு இழுக்கும்போது கதவு மாதிரி விலகி வழிவிட வேண்டும். சிலருக்குக் கடுமையாக ஓடும்போது, விலக வேண்டிய நேரத்தில் அவை நெருங்கி மூடிக்கொள்ளும். அந்த இடுக்கில் காற்று நுழையும் சத்தம்தான் இது. பதற்றமும், தைலம் மாதிரி காரமான வாடையும் அதை இன்னும் கூட்டும். பம்பு மருந்து நுரையீரலில் இருக்கிற குழாயை விரிக்குமே தவிர இந்தக் கதவைத் திறக்காது. அதிகமாக அடித்ததால்தான் கை நடுங்கி நெஞ்சு படபடத்தது.

“எனக்கு இப்பிடித்தான் தோணுது. ஆனா பாத்துட்டுத்தான் உறுதியா சொல்லணும். சிலபேருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும். நீங்களா எந்த மருந்தயும் நிறுத்தாதீங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் மூச்சை ஊதச் சொன்னார்கள். ஓடவிட்டு ஊதச் சொன்னார்கள். மருந்து கொடுத்துவிட்டும் ஊதச் சொன்னார்கள். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. பிறகு காது மூக்கு தொண்டைப் பிரிவில், சத்தம் வரும்வரை தமிழ்மொழியை மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடவிட்டு, வந்த நொடியே நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை இறக்கினார்கள். திரையில் ஜெயம்மாள் தன் கண்ணாலேயே பார்த்தாள். வெள்ளையாக இரண்டு நாடாக்கள். பெண் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஒன்றையொன்று நெருங்கின, பின்பக்கம் சின்னதாக ஒரு சந்து மட்டும் மிஞ்சியது. இதற்காகவா இரண்டு வருஷம் பிள்ளைக்குத் தயிர் கொடுக்கவில்லை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரையையும் பம்பையும் நெஞ்சுநோய் டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மிச்ச வேலை பேச்சுப் பயிற்சி கொடுக்கிற தனுஷாவுடையது. ஓடுகிற பெண்ணுக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு என்று பொன்னுரங்கம் விழித்தான். குரலைப் பழக்குகிறவர்கள்தான் அந்தக் கதவையும் பழக்க முடியும் என்றாள் தனுஷா. முதலில் படுத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்க மூச்சு. நாக்கு தளர்வாக, தாடை தளர்வாக, தோள் தளர்வாக. மூக்கால் மோந்து, உதட்டைக் குவித்து ஊதுவது. பிறகு நடந்துகொண்டே. பிறகு மெல்ல ஓடிக்கொண்டே. கடைசியில் மலைரோட்டில் ஏறிக்கொண்டே. தொண்டை இறுகப்போகிறது என்று தெரிந்த உடனேயே ஆரம்பிக்க வேண்டும், சத்தம் முற்றும்வரை காத்திருக்கக் கூடாது.

ஜெயம்மாளுக்கும் தனுஷா ஒரு பாடம் வைத்திருந்தாள்.

“இனிமே சத்தம் வந்தா நீங்க ஓடி வராதீங்கம்மா.”

“பின்ன இன்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. நீங்க பதறி ஓடியாறதப் பாத்தா அவளும் பதறுவா. பதறினா தொண்ட இன்னும் ஜாஸ்தி இறுகும்.”

எத்தனையோ ஏக்கர் கரும்பு வெட்டியவளுக்கு, சும்மா நிற்பதைப்போல் கஷ்டமான வேலை அதுவரை வாய்த்ததில்லை. மலைரோட்டில் மொபெட்டின் கேரியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதைப் பழகினாள். மூன்று வாரத்தில் சத்தம் குறைந்தது. ஆறு வாரத்தில் மலையேற்றத்தில் வரவே இல்லை. ஆனால் போட்டியில் எப்படி என்று யாருக்கும் தெரியாது.

விடுதித் தேர்வு நாள் வந்தது. முதல் மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். அடுத்த வருஷம் ப்ளஸ் டூ, பரீட்சை வந்துவிடும், இனி ஒரு வாய்ப்பு கிடையாது. உடல் தகுதிச் சான்றிதழ் கண்ணகி டீச்சரின் ஃபைலில் இருந்தது. டீச்சர் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தார். ஜெயம்மாள் இந்தக் கோடியில் கயிற்றுக்கு வெளியே, தேர்வு அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்தில்.

துப்பாக்கி வெடித்தது. ஒன்பது பெண்கள். முதல் இரண்டு சுற்று தமிழ்மொழி இரண்டாவதாக, அழகாக ஓடினாள். மூன்றாவது சுற்றில் ஜெயம்மாளைக் கடக்கும்போது அவளுக்குக் கேட்டது. கீச். மிக லேசாக. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்த வளைவில் எல்லோருக்கும் கேட்டது.

தமிழ்மொழி வேகத்தைக் குறைத்தாள். ஒருத்தி முந்தினாள். இன்னொருத்தி முந்தினாள். நாலாவது ஆனாள், ஐந்தாவது ஆனாள். ஜெயம்மாளின் கால் தானாகவே முன்னால் போயிற்று. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வு அதிகாரி எழுந்துவிட்டார். “என்ன சத்தம் அது? ஆஸ்துமாவா? ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? அந்தப் பொண்ணை வெளிய கொண்டாங்க!” இரண்டு தன்னார்வலர்கள் பாதையை நோக்கி நடந்தார்கள்.

டீச்சரைக் கூப்பிட நேரமில்லை. ஜெயம்மாள் கயிற்றைவிட்டு வந்து அதிகாரிக்கு நேர் எதிரே, அவர் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“நிறுத்தாதீங்க சார்.”

“யாரும்மா நீ? நகரு.”

“அவ அம்மா. அது ஆஸ்துமா இல்ல சார். நெஞ்சுல ஒரு கொறையும் இல்ல, பெரியாஸ்பத்திரியில ஊதவெச்சிப் பாத்துட்டாங்க. தொண்ட மூடிக்கிது, அவ்ளோதான். உள்ள இழுக்கும்போதுதான் சத்தம் வருது, நல்லா கேளுங்க. அதத் தொறக்க அவளுக்குத் தெரியும். தொறந்துக்கினுதான் இருக்கா. நீங்க ஆள வுட்டா பயந்துருவா. டீச்சர் கிட்ட சர்டிபிகேட் கீது. எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆனா நான் பதில் சொல்றேன். சத்தியமா நிறுத்தாதீங்க.”

அவள் கும்பிடவில்லை. நகரவும் இல்லை. அதிகாரி அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தமிழ்மொழி எதிர்வளைவில் வந்துகொண்டிருந்தாள். தோள் தளர்ந்திருந்தது. உதடு குவிந்திருந்தது. கீச் என்றது. பிறகு பாதி கீச். பிறகு காலடிச் சத்தம் மட்டும். அவர் கையைக் காட்டினார், தன்னார்வலர்கள் நின்றார்கள்.

மணி அடித்தது. பெண் தலையை நிமிர்த்தினாள். ஐந்தாவதிலிருந்து நாலாவது. கடைசி வளைவில் மூன்றாவது பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். இருவரும் ஒன்றாகவே நேர்ப்பாதையில் இறங்கினார்கள். ஜெயம்மாள் கத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். கோட்டைத் தாண்டியதில் யார் மூன்றாவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே நேரம் குறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் கையை உயர்த்தி, மூன்றாவது என்று தமிழ்மொழியின் எண்ணைச் சொன்னார்.

ஜெயம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவளுக்கு வெட்கமே இல்லை. அப்பாவை நினைத்தும் அழுதாள், மகளை நினைத்தும் அழுதாள். கண்ணகி டீச்சர் சான்றிதழை வீசிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து மூச்சு வாங்க ஓடிவருவது தெரிந்தது.

தமிழ்மொழி வந்து பக்கத்தில் பொத்தென்று விழுந்தாள். வியர்வையோடு அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் மூச்சு வேகமாக, சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

“சத்தம் வந்தப்ப நீ எங்கிட்ட வரலியேம்மா” என்றாள்.

“வரணும்னுதான் இருந்துச்சு பாப்பா. உசுரே போச்சு.”

“உன்னப் பாத்தேன். நீ அந்த சாரப் புடிச்சிப் பேசிக்கினு இருந்த. உனக்கே பயமில்லன்னா எனக்கு இன்னான்னு ஓடுனேன்.”

பயத்தில் ஈரமாகியிருந்த உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஜெயம்மாள் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.